மண்ணின் மேல் போட்ட பழி

டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் வாழும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தன் பன்னிரண்டு வயது மகனைப் பற்றி எழுதிய கவிதை இது. அவர் சம்மதத்தோடு முழுதாகத் தருகிறேன்.

அப்பம்மா அழைக்கிறா.
தொலைபேசியை மகனிடம் நீட்டுகிறேன்.
“சாப்பிட்டியோ ராசா?”
“ஓம்.”
“பள்ளிக்கூடம் போனியோ?”
“ஓம்.”
“இண்டைக்கு என்ன படிச்சனி?”
அவன் என்னைப் பார்க்கிறான்.
கேள்வி விளங்கிவிட்டது,
முகத்தில் தெரிகிறது.
ஆங்கிலத்தில் எனக்குச் சொல்கிறான்
எரிமலை எப்படி வெடிக்கிறதென்று,
கையை விரித்து, கண்ணை விரித்து.
நான் தொலைபேசியை வாங்கி
“விஞ்ஞானம் படிச்சவனாம் அம்மா” என்கிறேன்.
மண் மாறினால்
வேர் மறந்துபோகும்.

கடைசி இரண்டு வரிகளை நான் ஏற்கவில்லை. அதற்கு முன்னுள்ள ஒவ்வொரு வரியும் உண்மை என்பதால்தான் அவை இவ்வளவு உறுத்துகின்றன. பேரன் விரித்த கையும் கண்ணும் அப்பம்மாவிடம் ஒற்றைச் சொல்லாகப் போய்ச் சேர்ந்ததை இந்தத் தகப்பன் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவ்வளவு நேர்மையாக எழுதியவர், காரணம் சொல்லும் இடத்தில் மண்ணைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

முதலில் அந்த வேரைப் பார்ப்போம். சாதி இரத்தத்தில் இல்லை என்று வாதிடுகிற நாமே, மொழி இரத்தத்தில் ஓடுகிறது என்று மேடையில் முழங்குகிறோம். கொரியாவில் பிறந்து, மூன்று முதல் எட்டு வயதுக்குள் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப்போனவர்களை, அவர்கள் வளர்ந்த பிறகு பிரான்ஸில் ஆராய்ந்தார்கள். 2003இல் வெளிவந்த அந்த ஆய்வில், கொரிய வாக்கியங்களை வேற்றுமொழி வாக்கியங்களிலிருந்து அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. சிறுவயதில் பேசிய மொழிகூடக் கேட்க ஆளில்லாவிட்டால் அப்படி மங்கிவிடும். பிறப்பு அதைக் காப்பாற்றவில்லை.

சரி, அந்நிய மண்தான் காரணமா? பெல்ஜியத்தின் டச்சு மொழிப் பகுதியில், வீட்டில் இன்னொரு மொழியும் புழங்கிய சுமார் 1,900 குடும்பங்களை ஆனிக் டி ஹவர் ஆராய்ந்து 2007இல் எழுதினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மண், பள்ளிமொழியும் ஒன்றுதான். தாயும் தகப்பனும் வீட்டில் தங்கள் மொழியை மட்டுமே பேசிய குடும்பங்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் பிள்ளை அதைப் பேசியது. ஒருவர் டச்சை மட்டும் பேசி, மற்றவர் இரண்டையும் கலந்து பேசிய வீடுகளில் மூன்றில் ஒரு பங்கில்தான் பேசியது.

இனி நண்பரின் வீடு. மகனை நான்கு வயதில் பள்ளியில் சேர்த்தபோது, வீட்டிலும் ஆங்கிலம் பேசினால் பிள்ளை சீக்கிரம் தேறிவிடுவான் என்று ஆசிரியை ஒருவர் சொன்னார். நண்பருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை, மனைவிக்குக் கடையில் பகல் வேலை. களைத்து வந்தவர்கள் மகன் பேசிய மொழியிலேயே பதில் சொன்னார்கள். பிறகு தங்கை பிறந்தாள். அண்ணனும் தங்கையும் தங்களுக்குள் ஆங்கிலமே பேசியதால், பெற்றோர் சோறு போடும்போது சொல்லும் ஏவல்களில் மட்டும் தமிழ் தங்கியது. சனிக்கிழமை இரண்டரை மணி நேரத் தமிழ் வகுப்பு உண்டு. எழுத்துகள் அங்கே வந்தன. பேச்சுக்கு வீட்டில் ஆள் இல்லை.

பிழைக்க வந்தவர்கள் கிடைத்த ஆலோசனையை நம்பியதை நான் குற்றமென்று சொல்லமாட்டேன். ஆனால் அது மனிதர் எடுத்த முடிவு. அந்த முடிவில் பங்கில்லாத பிள்ளையைப் பொங்கல் விழாவில் நிறுத்தி, பொருள் தெரியாத பாட்டை ஒப்பிக்கவைத்து, தடுமாறினால் தலைகுனியவைப்பது அநியாயம். மொழி மனிதருக்கான கருவி, வழிபடும் தெய்வமல்ல என்று பெரியார் சொன்னதை நான் ஏற்கிறேன். கோடிக்கணக்கானோர் பேசும் தமிழ் இந்தப் பையனால் அழியப்போவதில்லை. இழப்பு அவனுக்கும் அவன் அப்பம்மாவுக்கும்தான். அதைத் தமிழன்னையின் கண்ணீராக மாற்றும்போது இந்த இருவரும் மறைந்துவிடுகிறார்கள்.

அவனுக்குத் தமிழ் விளங்குகிறது என்பது சிறு செய்தி அல்ல. குழந்தைப் பருவத்தில் ஸ்பானிய மொழியைக் காதால் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள், பின்னாளில் அதைப் படிக்கும்போது, புதிதாகத் தொடங்குவோரைவிட நல்ல உச்சரிப்போடு பேசினார்கள் என்று அமெரிக்காவில் டெரி அவும் உடனாய்வாளர்களும் 2002இல் கண்டார்கள். ஆகவே நண்பரிடம் இரண்டு கேட்டிருக்கிறேன். அடுத்த பதிப்பில் கடைசி இரண்டு வரிகளை எடுத்துவிட வேண்டும். இந்தக் கவிதையை மகனுக்கு அவன் மொழியில் சொல்லி, தமிழ் பேச வேண்டுமா என்று அவனையே கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் அவனுக்கு உரிமை உண்டு. வேண்டும் என்றால், பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாக அவன் தட்டுத்தடுமாறும் நேரம் முழுக்கத் தகப்பன் திருத்தாமல், சிரிக்காமல் உட்கார்ந்து தமிழிலேயே பதில் சொல்ல வேண்டும்.