முதல் நாள் பதில்

ஓர் ஓட்டலின் சமையலறை அசுத்தமாக இருக்கிறது என்று யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் பரவிய பிறகு, ஓட்டல்காரர் என்ன பதில் சொல்வது? பார்ப்பதற்கு இது வியாபாரக் கேள்வி. உண்மையில் இது அறக்கேள்வி. அந்தச் சமையலறையில் அன்று என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளக்கூடிய இடத்தில் இருப்பவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்குக் கிடைப்பது இருபது விநாடிப் படம் மட்டுமே.

கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் எட்டு மாத இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்களை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 மே மாதத் தொடக்கத்தில் செறுவத்தூரில் ஒரு கடையில் ஷவர்மா சாப்பிட்ட பலர் நோயில் விழுந்தார்கள். பள்ளி மாணவி ஒருவர் இறந்தார். நோயாளிகளிடம் ஷிகெல்லா கிருமி இருப்பது உறுதியானது. கடையில் எடுத்த ஷவர்மா மாதிரியில் ஷிகெல்லாவும் சால்மொனெல்லாவும் இருந்தன. குற்றச்சாட்டு உண்மை. 2023 ஜனவரியில் அதே மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி இறந்தபோது, சில நாட்களுக்கு முன் ஓட்டலில் வாங்கிய குழிமந்திதான் காரணம் என்ற செய்தி பரவியது. ஓட்டல்மீது கோபம் திரும்பியது. அதை நடத்தியவர் காவல்துறையின் பிடிக்குள் போனார். பிரேதப் பரிசோதனைக்குப் பிறகுதான், சாவுக்குக் காரணம் அந்த உணவு அல்ல என்று தெரிந்தது.

முதல் நாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஒரு சாவு, ஒரு கடையின் பெயர், ஆத்திரம். அன்றைக்கு "எங்கள் உணவில் எந்தக் குறையும் இல்லை" என்று செறுவத்தூரில் ஒருவர் சொல்லியிருந்தால் அது பொய்யாக முடிந்திருக்கும். "எங்கள் தவறுதான், மன்னித்துவிடுங்கள்" என்று இரண்டாவது ஓட்டல் சொல்லியிருந்தால் அதுவும் பொய்தான். முதல் நாளில் மறுப்பதற்கும் ஒப்புக்கொள்வதற்கும் ஓட்டல்காரருக்கு உரிமை இல்லை. தான் கண்டதைச் சொல்லலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். பதற்றமில்லாத பதில் என்பதன் பொருள் இவ்வளவுதான். குரல் தணிந்திருப்பது அதன் வெளித்தோற்றம்.

உதாரணத்துக்குக் கேரளத்தின் பொன்முடி மலையை எடுத்துக்கொள்வோம். விதுரையைத் தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் அந்த மலையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கார்கள் வரிசை கட்டும். வழியில் ஒரு சிறு கடை. சோறு, மீன்குழம்பு, சாயா. கடைக்குப் பின்னால் ஓடையிலிருந்து குழாய் போட்டு ஒரு தொட்டிக்குத் தண்ணீர் வருகிறது. முந்தின இரவு மழை பெய்து தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கியிருக்கிறது. அந்தத் தண்ணீரில் தட்டு கழுவுவதைச் சுற்றுலா வந்த ஒருவர் படம்பிடித்து, "ஓடைத் தண்ணீரில் சமைக்கிறார்கள், சாப்பிட்டதும் குழந்தை வாந்தி எடுத்தது" என்று எழுதிப் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மலையில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. கடைக்காரர் மாலையில் கீழே இறங்கும்போதுதான் தன் கடை ஊர் முழுக்கப் பேசப்படுவதை அறிகிறார்.

அவர் எழுதக்கூடிய நேர்மையான பதில் இப்படி இருக்கும்: "வீடியோவில் இருப்பது எங்கள் கடைதான். இன்று பகலில் எடுத்தது. நேற்றைய மழையில் தொட்டித் தண்ணீர் கலங்கியிருந்தது. அதில் தட்டு கழுவினோம். அது தவறு. சமையலுக்கும் குடிக்கவும் கேன் தண்ணீர் பயன்படுத்தினோம், ரசீது இருக்கிறது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று படித்து வருந்துகிறோம். அதற்குக் காரணம் எது என்று எங்களுக்குத் தெரியாது. உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டோம். அவர்கள் வந்து பார்க்கும்வரை கடை திறக்காது."

இதில் எழுதக் கடினமான வரி "அது தவறு" என்பதுதான். சமையலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் போதும் என்று பல கடைக்காரர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். பாத்திரம் கழுவும் தண்ணீரும் குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே "சமையலுக்கு அந்தத் தண்ணீரைத் தொடவே இல்லை" என்று மட்டும் எழுதினால், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லாவிட்டாலும் படிப்பவர் ஏமாந்து போவார். பாதி உண்மையைச் சொல்லி முழு நம்பிக்கையை வாங்குவது பொய்க்குச் சமம்தான்.

குழந்தையின் வாந்தி விஷயத்தில் இன்னொரு சோதனை இருக்கிறது. சால்மொனெல்லா பெரும்பாலும் 6 மணி முதல் 72 மணி நேரத்துக்குள்தான் நோயாக வெளிப்படும். ஷிகெல்லாவுக்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். சில பாக்டீரியா நச்சுகள் மட்டும் ஒரு மணி நேரத்திலேயே வாந்தியைக் கொண்டுவரும். சாப்பிட்டு எழுந்தவுடன் வாந்தி என்றால், காரணம் காலையில் வேறெங்கோ சாப்பிட்டதாக இருக்கலாம். 22 வளைவுகள் சுற்றி ஏறிய மயக்கமாகவும் இருக்கலாம். கடைக்காரருக்கு இது தெரிந்திருந்தாலும் பொதுவில் எழுதக்கூடாது. நோயுற்ற குழந்தையின் பெற்றோரோடு ஊர் பார்க்க மருத்துவ வாதம் செய்வதாக அது ஆகிவிடும். அவரிடம் ஆதாரமும் இல்லை. விசாரிக்க வரும் அதிகாரியிடம் சொல்ல வேண்டிய செய்தி அது.

இதைவிடப் பெரிய பிழை, புகார் சொன்னவரைத் தேடிப் போவது. கண்காணிப்புக் கேமராவில் பதிந்த அந்தக் குடும்பத்தின் முகங்களை வெளியிடுவது, கார் எண்ணைப் போடுவது, பணம் கேட்டு மிரட்டினார்கள் என்று ஆதாரமில்லாமல் சொல்வது, அவதூறு வழக்கு என்று பயமுறுத்துவது. புகார் தப்பாகவே இருந்தாலும், நல்லெண்ணத்தோடு சொன்னவர் தண்டனை பெற வேண்டியவர் அல்ல. அவரை ஊர் துரத்தினால், நாளை உண்மையான குறையைக் காண்பவரும் வாயை மூடிக்கொள்வார். உண்மையிலேயே பழைய வீடியோவை எடுத்துப் பெயர் மாற்றிப் போட்டிருந்தால், வித்தியாசத்தைக் காட்டலாம்: தரை ஓடு வேறு, அடுப்பு வேறு, இது எங்கள் சமையலறை இல்லை. அங்கே நிறுத்திக்கொண்டு, மீதியைக் காவல்துறையிடம் கொண்டுபோக வேண்டும்.

பொறுத்திருப்பதற்கு விலை உண்டு என்பதை மறைக்கக்கூடாது. 2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில் 2,000 கிலோவுக்கு மேல் இறைச்சி பிடிபட்டபோது, அது நாய்க்கறி என்ற வதந்தி நகரத்தின் பிரியாணிக் கடைகளை அடித்தது. ஆட்டிறைச்சிதான் என்று கால்நடை மருத்துவக் கல்லூரியின் பரிசோதனை சொல்வதற்குள் கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டது. அந்த நஷ்டத்தை யாரும் ஈடு செய்யவில்லை. உணவுப் பகுப்பாய்வாளர் அறிக்கை தருவதற்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் 14 நாள் அவகாசம் கொடுக்கிறது. ஒரு சிறு கடைக்கு 14 நாள் என்பது இரண்டு வார வாடகை, இரண்டு வாரக் கூலி. அப்படியிருந்தும் அறிக்கை வரும்வரை "தெரியாது" என்ற சொல்லில் நிற்கத்தான் வேண்டும். தன் வாடகைக்காக, சாப்பிடுகிறவரின் வயிற்றைப் பணயம் வைக்கக் கடைக்காரருக்கு உரிமை இல்லை. அறிக்கை வந்ததும், எங்கே முதல் பதிலைப் போட்டாரோ அங்கேயே அதைப் போட வேண்டும். முடிவு பாதகமாக இருந்தாலும்தான்.

ஆய்வகம் தன்னிடம் வந்த மாதிரியைப் பற்றித்தான் பேசும். வீடியோ பரவியது தெரிந்ததும் தொட்டியைக் கழுவி, மீன்குழம்பைக் கொட்டிவிட்டு, மறுநாள் புதிதாகச் சமைத்ததிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி சுத்தமாகத்தான் இருக்கும். அந்த அறிக்கை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆகவே பதில் எழுத உட்காரும் முன் கடைக்காரர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: மிச்சமிருக்கும் குழம்பை மூடி, தேதியும் நேரமும் எழுதி ஒட்டி, 5 டிகிரிக்குக் கீழே குளிர்பெட்டியில் வைப்பது, தொட்டியைத் தொடாமல் விடுவது. தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடிய பாத்திரத்தையும் பத்திரப்படுத்தி வைத்தவரின் பதிலை நம்பலாம்.

சாப்பிட்டவருக்கும் இங்கே ஒரு வேண்டுகோள். வீடியோவைப் போடுவதற்கு முன்போ, போட்ட கையோடோ, கேரள உணவுப் பாதுகாப்புத் துறையின் கட்டணமில்லா எண் 1800 425 1125க்கு அழைத்துச் சொல்லுங்கள். குழம்பு தீர்ந்துபோவதற்குள் அதிகாரி வந்து சேர அதுதான் வழி.