படிக்காத சாட்சி

சென்ற கோடையில் சேத்தூருக்குப் போயிருந்தேன். இராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் போனால் மேற்கு மலையை ஒட்டினாற்போல் வரும் பழைய ஜமீன் ஊர் அது. என் தங்கை அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் மகன் கல்லூரியில் ஆராய்ச்சிப் பட்டத்துக்காக ஊர்க் கண்மாயைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். முதல் அத்தியாயத்தை என்னிடம் கொடுத்து, "தமிழ் மட்டும் பாருங்கள், மாமா, போதும்" என்றான்.

தமிழைத்தான் பார்த்தேன். ஆனால் ஓர் இடத்தில் கண் நின்றுவிட்டது. பொதுவில் இருக்கும் சொத்து எதுவானாலும் பாழாகியே தீரும் என்றும், தனியார் கையில் ஒப்படைப்பது ஒன்றே வழி என்றும் எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஹார்டின், 1968' என்று போட்டிருந்தான்.

"இதைப் படித்தாயா, மாப்பிள்ளே?" என்று கேட்டேன்.

"எல்லாரும் இப்படித்தான் மேற்கோள் காட்டுகிறார்கள், மாமா. மூன்று புத்தகத்தில் பார்த்தேன்."

அவனைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் மனத்தில் ஒரு நெருடல். கண்ணால் காணாததைக் கண்டதாகச் சாட்சி சொல்கிறவனை நாம் என்னவென்று அழைக்கிறோம்? அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரையும் ஓர் ஆண்டையும் எழுதுவது, 'நான் போய்ப் பார்த்தேன், அங்கே இது இருக்கிறது' என்று கையெழுத்துப் போடுவதுதானே? இன்னாருடைய நூலில் கண்டபடி என்று எழுதியிருந்தால் அது கேள்விப்பட்ட செய்தியாக நின்றிருக்கும். அதில் வஞ்சகம் இல்லை. இவனோ நேரில் பார்த்ததாகச் சொல்லிவிட்டான். போதாக்குறைக்கு, அந்தச் சாட்சியம் அவனுடைய பாட்டன்மார்களுக்கு எதிராக வேறு இருந்தது. கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிய அந்த மனிதர்கள், பொதுச் சொத்தை ஆளத் தெரியாதவர்கள் என்றல்லவா அந்த வரி தீர்ப்புச் சொல்கிறது?

கட்டுரை அவனிடமே இருந்தது. இறக்கி வைத்திருந்தான், திறக்கத்தான் இல்லை. அமெரிக்காவின் 'சயன்ஸ்' வாரப் பத்திரிகையில் 1968 டிசம்பர் 13-ஆம் தேதி வந்தது. 1243-ஆம் பக்கம் முதல் 1248 வரை, ஆறே பக்கம். ஆனால் பொடி எழுத்து, நெருக்கமான பத்திகள். பார்த்தாலே மலைப்பாக இருக்கும். "முழுக்கப் படிக்க நேரம் இல்லை, மாமா" என்றான். முழுக்கப் படிக்க வேண்டியதில்லை என்றேன். திண்ணையில் உட்கார்ந்தோம்.

முதலில் தலைப்பையும் அதன் கீழே இருந்த துணைத் தலைப்பையும் படித்தோம். பையனுக்கு அங்கேயே ஆச்சரியம். மேய்ச்சல் நிலத்தைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. மக்கள்தொகைப் பிரச்சினைக்குத் தொழில்நுட்பத்தால் தீர்வு கிடையாது, ஒழுக்க நெறியே விரிய வேண்டும் என்பதுதான் அங்கே இருந்தது. உடனே கடைசிப் பகுதிக்குத் தாவினோம். அங்கேயும் அதே பேச்சு: பிள்ளை பெறும் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்று முடிக்கிறார் ஹார்டின். ஆசிரியர் எதற்காக எழுதினார் என்பது இந்த இரண்டு முனைகளில் தெரிந்துவிடும். நமக்கு வேண்டியது நடுவில் எங்கோ இருக்கலாம். ஆனால் அது யார் வீட்டுப் பொருள் என்று தெரிந்துகொண்டு எடுப்பது வேறு, தெரியாமல் எடுப்பது வேறு.

பிறகு உள்தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதினோம். ஒன்பது இருந்தன. கண்மாய்க்கு ஆகுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டதில் இரண்டு தேறின: பொதுநிலத்தில் சுதந்திரம் என்ன செய்யும் என்பது ஒன்று, சம்பந்தப்பட்டவர்கள் தாமே ஒத்துக்கொண்டு ஏற்கும் கட்டுப்பாடு என்பது மற்றொன்று. மனச்சாட்சியைப் பற்றிய இரண்டு பகுதிகளை வேகமாகப் புரட்டினோம். மனச்சாட்சியை நம்பிப் பயனில்லை என்கிறார். அவற்றின் பக்க எண்ணை மட்டும் குறித்துக்கொண்டோம்.

தேர்ந்தெடுத்த இரண்டு பகுதிகளை எழுத்துக்கூட்டிப் படித்தோம். இங்கே அவசரம் உதவாது. இடையன் கதை 1244-ஆம் பக்கத்தில் இருக்கிறது. ஒரு மாட்டைக் கூடுதலாக விட்டால் அதன் லாபம் முழுவதும் இடையனுக்கு. புல் குறைகிற நஷ்டமோ எல்லோருக்கும் பங்காகப் போகிறது. ஆகவே ஒவ்வோர் இடையனும் இன்னொரு மாடு, இன்னொரு மாடு என்று சேர்ப்பான். கணக்குத் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்தக் கதையின் தொடக்கத்தில், எவரும் வந்து மேய்க்கலாம் என்று திறந்து கிடக்கும் நிலம் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. அதன் கீழே பென்சிலால் கோடு போட்டேன்.

"நம் கண்மாய் மடையை யார் வேண்டுமானாலும் போய்த் திறக்கலாமா?" என்று கேட்டேன்.

"அது எப்படி, மாமா? கையை ஒடித்துவிடுவார்கள்" என்றான். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தான்.

அதே பக்கத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் கிடைத்தன. இந்தக் கதை ஹார்டினுடையதே அல்ல; 1833-இல் வில்லியம் ஃபார்ஸ்டர் லாய்டு என்பவர் எழுதியதிலிருந்து எடுத்ததாக அவரே சொல்கிறார். தலைப்பில் உள்ள 'டிராஜெடி' என்ற சொல்லுக்கும் வெறும் சோகம் என்று பொருள் இல்லை. தத்துவாசிரியர் வைட்ஹெட் கொண்ட பொருளில், ஈவிரக்கமில்லாமல் தன் போக்கில் நடந்தேறும் விதி என்ற கருத்தில் ஆள்கிறார். பையன் 'பொதுச்சொத்தின் சோகம்' என்று மொழிபெயர்த்திருந்தான்.

தனியுடைமை ஒன்றே வழி என்பதைத்தான் கடைசியாகத் தேடினோம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களைப் பற்றிப் பேசும் இடத்தில் அது அகப்பட்டது. விற்றுவிடலாம் என்கிறார், உண்மைதான். ஆனால் அடுத்த மூச்சிலேயே, பொதுவில் வைத்துக்கொண்டு நுழையும் உரிமையை மட்டும் பங்கிடலாம் என்றும் சொல்கிறார்: ஏலம் போடலாம், தகுதி பார்க்கலாம், சீட்டுக் குலுக்கலாம், முதலில் வந்தவருக்கு முதலில் என்று வரிசையில் விடலாம். மூன்று புத்தகங்களும் முன்பாதியை எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்டிருக்கின்றன. ஒருவேளை முதல் புத்தகம் மட்டும் விட்டிருக்கலாம்; மற்ற இரண்டும் அதைப் பார்த்து எழுதியிருக்கலாம். எழுத்துலகில் இருக்கும் எனக்கு அந்தப் பழக்கம் புதிதல்ல.

குறிப்புகளை நோட்டில் இரண்டு பத்திகளாக எழுதச் சொன்னேன். இடது பக்கம் அவர் சொன்னது, பக்க எண்ணோடு. வலது பக்கம் அவன் நினைப்பது. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால், ஒரு மாதம் கழித்துத் தன் எண்ணமே ஹார்டின் வாக்காகத் தோன்றும். நல்லவர்களுக்கும் இந்த விபத்து நேர்கிறது.

ஒரு கட்டுரைக்குப் பிற்கால வாழ்க்கையும் உண்டு. எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் 1990-இல் வெளியிட்ட நூலில், ஸ்விட்சர்லாந்தின் மலைக் கிராமத்து மேய்ச்சல் நிலங்களையும் ஸ்பெயின் தேசத்து வாய்க்கால் பாசனத்தையும் காட்டி, ஊரார் தாமே விதி வகுத்துக்கொண்டு பொதுச் சொத்தை நூற்றாண்டுகளாகக் காத்திருக்கிறார்கள் என்று நிறுவினார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஹார்டினே 1994-இல் எழுதிய கட்டுரை ஒன்றின் தலைப்பில், ஆளுகை இல்லாத பொதுச்சொத்து என்று திருத்திக்கொண்டார். ஒரு சொல்தான் கூடுதல். 1968-லேயே அது இருந்திருந்தால் எத்தனையோ அடிக்குறிப்புகள் வேறுவிதமாக இருந்திருக்கும்.

இத்தனைக்கும் இரண்டு மாலைப்பொழுதுகள்தான் ஆயின. ஆறு பக்கத்தில் நாங்கள் உன்னிப்பாகப் படித்தது இரண்டு பக்கத்துக்கு மேல் இராது. மற்றதைப் படிக்கவில்லை என்பதில் எனக்குக் கூச்சம் இல்லை. எதைப் படிக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அதை ஆதாரமாகக் காட்டவும் இல்லை.

பையன் பழைய வாக்கியத்தை அடித்துவிட்டு, யாரும் நுழையலாம் என்றிருக்கும் பொதுநிலத்தைப் பற்றி ஹார்டின் சொன்னது இது, பக்கம் 1244, என்று எழுதினான். அடுத்த வரியை எழுதப் பேனாவை எடுத்தவன் நிறுத்திவிட்டு உள்ளே போனான். அம்மாவிடம், தாத்தா காலத்தில் மடைக்கு யார் நின்றார்கள், அவருக்கு அறுப்பில் எத்தனை மரக்கால் நெல் அளந்தார்கள் என்று கேட்கும் குரல் திண்ணை வரை வந்தது.