வாயிலில் நின்று அழைத்தல்



சென்ற தை மாதத்தில், திருவரங்கத்தில் எங்கள் வீட்டிற்கு அடுத்த பகுதியில் ஒரு குடும்பம் குடிவந்தது. கணவன், மனைவி, பள்ளிக்குச் செல்லும் வயதில் ஒரு குழந்தை. சாமான் வண்டி வந்து நின்ற அன்று, எழுபது வயதைக் கடந்த என் மனம் என்னை அவர்கள் வீட்டு வாயிலுக்கே இழுத்தது. உதவ வேண்டும் என்ற ஆசை ஒருபுறம். யார், எவ்வூர் என்று அறியும் ஆவல் மறுபுறம். இவ்விரண்டும் ஒரே உருவில் வருவதால் நாம் எளிதில் ஏமாந்து போகிறோம். ஆகவே அன்று நான் செல்லவில்லை. இரட்டை மடித்த துணியில் வடிகட்டிக் காய்ச்சி ஆற்றிய நீர் ஒரு குடமும், ஒரு சீப்பு வாழைப்பழமும் பேரன் வழியாக அனுப்பிவிட்டு அமர்ந்திருந்தேன்.

நம் முனிவர்கள் ஆகாரத்திற்கு எழுந்தருளும் முறையை நினைத்துப் பாருங்கள். இல்லறத்தார் தத்தம் வாயிலில் தூய்மையுடன் நின்று, எழுந்தருள வேண்டுமென்று அழைப்பார்கள். முனிவரோ மனத்துள் ஒரு நியமத்தைக் கொண்டு புறப்பட்டிருப்பார். அதற்கேற்ற குறி தென்பட்டால் நிற்பார். இல்லையேல் கடந்து செல்வார். அந்த நியமம் இன்னதென்று எவரும் அவரைக் கேட்பதில்லை. கடந்து சென்றாரே என்று எவரும் பின்தொடர்ந்து ஓடி வற்புறுத்துவதும் இல்லை. அழைப்பது நம் கடமை. ஏற்பதும் ஏலாததும் அவர் உரிமை. அண்டை வீட்டார் முனிவர் அல்லர். ஆயினும் கொடுப்பவர் எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த வாயில் நமக்குக் காட்டுகிறது.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், ஒவ்வொரு விரதத்திற்கும் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். அதிதி சம்விபாகம் என்னும் விரதத்திற்குக் கூறிய ஐந்தில் ஒன்று காலாதிக்கிரமம். அதாவது வேளை தவறி வழங்குதல். உணவு தூயது, மனமும் நல்லது. ஆனாலும் பெறுபவர் கொள்ள இயலாத வேளையில் நீட்டினால் அது குறையே. இதன் பொருளை இளமையில் நான் ஓர் அனுபவத்தால் உணர்ந்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்துத் திருச்சிராப்பள்ளிக்கு வேலைக்கு வந்த முதல் வாரத்தில், அடுத்த வீட்டு வைணவ அம்மையார் ஒருவர் இரவு ஏழு மணிக்குச் சுடச்சுடப் பொங்கல் கொண்டுவந்தார். நானோ விளக்கேற்றிய பின் உண்ணாதவள். தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடவில்லை. "அப்படியானால் எந்த வேளையில் கொண்டுவரலாம் அம்மா?" என்று ஒரே ஒரு வினாவை மட்டும் கேட்டார். பின்னர் பல ஆண்டுகள் அவர் அனுப்பியதெல்லாம் கதிரவன் மறையுமுன்னரே வந்து சேர்ந்தது. ஏன் உண்ணமாட்டாய் என்று வாதிடாமல், எப்போது உண்பாய் என்று கேட்ட அவர் காலாதிக்கிரமத்தை அறிந்தவராகவே எனக்குத் தோன்றினார்.

இனி என் குற்றத்தையும் சொல்ல வேண்டும். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், எங்கள் கீழ்ப்பகுதியில் ஓர் இளம் பெண் குடிவந்தாள். உதவி என்ற பெயரில் நாள்தோறும் சென்றேன். கண் சிவந்திருந்ததையும், கணவன் வரும் ஓசை கேட்டால் பேச்சை நிறுத்துவதையும் கண்டேன். அவள் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. நானாகவே ஒன்றை ஊகித்துக்கொண்டேன். "பாவம், அந்தப் பிள்ளைக்கு வீட்டில் நிம்மதியில்லை" என்று உறவினர் ஒருவரிடம் இரக்கத்துடன் கூறினேன். ஒரு வாரத்திற்குள் அச்சொல் அவள் காதுக்கே திரும்பி வந்தது. அதன்பின் அவள் எனக்குக் கதவைத் திறக்கவில்லை. மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்து சென்றனர். என் ஊகம் மெய்யோ பொய்யோ, இன்றுவரை அறியேன். மெய்யாக இருந்திருந்தால், துன்பத்தில் தட்டுவதற்கு அவளுக்கு அருகிலிருந்த ஒரே கதவை நானே அடைத்துவிட்டேன்.

சத்திய அணுவிரதத்தின் அதிசாரங்களுள் இரண்டு இதற்கென்றே சொல்லப்பட்டவை போன்றவை. ஒன்று ரகோப்பியாக்கியானம், தனிமையில் நிகழ்ந்ததை வெளியிடுதல். மற்றொன்று சாகார மந்திர பேதம். முகக்குறி, உடற்குறி ஆகியவற்றால் பிறர் உள்ளத்தை அறிந்து அதனை வெளிப்படுத்துதல். பொறாமை முதலியவற்றால் அவ்வாறு செய்வதை உரையாசிரியர் குறிப்பிடுகிறார். நான் செய்தது இரக்கத்தால். ஆனால் கேட்டவள் அடைந்த காயம் ஒன்றுதான். பொய் சொன்னால் மட்டுமே சத்திய விரதம் கெடும் என்று எண்ணியிருந்த எனக்கு, மெய்யென நம்பியதைச் சொல்லியும் அது கெடும் என்று அன்று விளங்கியது.

ஆதலால் இம்முறை, குடிவந்த மூன்றாம் நாள், அரைப்பக்க அளவில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். அது வருமாறு:

"அன்புள்ள அம்மா, வணக்கம். நாங்கள் அடுத்த பகுதியில் வசிக்கிறோம். ஒன்றாம் எண் பேருந்து சத்திரம் வழியாக மத்திய பேருந்து நிலையம் வரை செல்லும். தைத்தேர் நாளன்று உத்தர வீதிகளில் தேர் வருவதால் ஆட்டோ வருவது கடினம். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப முன்கூட்டியே வழி செய்துகொள்க. அவசர மருத்துவ உதவிக்கு 108. பெரிய அரசு மருத்துவமனை புத்தூரில் உள்ளது. காலை பத்து முதல் பன்னிரண்டு வரை நான் வீட்டில் இருப்பேன். அவ்வேளையில் குழந்தையைச் சிறிது நேரம் பார்த்துக்கொள்ள இயலும். அவசரமெனில் எந்நேரமும் கதவைத் தட்டலாம். எங்கள் சமையலில் வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லை. தங்களுக்கு ஏற்குமாயின், வேளையைச் சொன்னால் அனுப்புகிறேன். இதற்கு விடை எழுத வேண்டுவதில்லை."

இக்கடிதத்தில் ஒரு வினாவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஊர், குலம், சமயம், கணவரின் வேலை, இன்னொரு குழந்தை உண்டா என்பன எவையும் கேட்கப்படவில்லை. "எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றும் எழுதவில்லை. அவ்வாறு எழுதினால், எதைக் கேட்கலாம் என்று அறியாமல் புதியவர் ஒன்றையும் கேட்கமாட்டார். இன்ன வேளையில் இன்னது இயலும் என்று எல்லை வகுத்தால், கேட்பதற்குக் கூச்சம் குறைகிறது. நாமும் சொன்ன சொல்லைக் காக்க முடிகிறது. தை மாதத்தில் இங்கே கதிரவன் மறைவது ஏறக்குறைய 6.10 மணிக்கு. அதற்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் முன்னரே எங்கள் மாலை உணவு முடிந்துவிடும். என் அடுப்பு அணைந்த பின் உணவு தருவதாகச் சொல்வது வெறும் சொல்லாகிவிடும். அதனால்தான் வேளையை முன்னரே கேட்டேன். விடை வேண்டுவதில்லை என்ற இறுதி வரி, முனிவர் கடந்து செல்வதற்கு விடப்பட்ட வழி போன்றது.

கடிதம் அனுப்பிய பின் காத்திருப்பதே கடினமாயிற்று. பத்து நாட்கள் ஒரு செய்தியும் இல்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது புன்னகைத்தோம், அவ்வளவே. கடிதம் கிடைத்ததா என்று கேட்க நாவு துடித்தது; அடக்கிக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் காலை பத்தரை மணிக்கு அந்தப் பெண் கதவைத் தட்டினாள். கையில் என் கடிதம் நான்காக மடித்திருந்தது. அவளுக்கு ஓர் உதவி தேவைப்பட்டது, செய்தேன்.

அவள் கேட்டது என்னவென்று அறிய உங்களுக்கு ஆவல் எழலாம். வீட்டில் என் மருமகளும் கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை; இங்கும் எழுதமாட்டேன். இருபது ஆண்டுகளுக்கு முன் காக்கத் தவறிய விரதத்தை இம்முறையேனும் காத்தேன் என்ற நிறைவோடு முடிக்கிறேன்.

அறம் வளர்க!