நம்பிக் குடுத்தது

"ஏம்பா, உன்ன நம்பி ஒரு லைனையே குடுத்திருக்கேன். வேற எவனா இருந்தா காலனிப் பையன்கிட்ட பதினோரு பேர ஒப்படைப்பானா? அதுக்கும் காசு கேக்கறியே!"

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை மேலாளர் என்னிடம் சொன்னது இது. சம்பளம் சேர்த்துக் கேட்டதற்குக் கிடைத்த பதில். நான் திரும்பி வந்து மெஷின் முன்னால் நின்றேன். கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. என்னமோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்றுவரை என் கேள்வி.

நான் லேத் ஆபரேட்டர். ஒரு லைன் லீடர் வேலையை விட்டுப் போனார், அவர் இடத்துக்கு யாரையும் போடவில்லை. "ரெண்டு நாள் பாத்துக்கோ" என்றார்கள். ரெண்டு நாள் பதினாலு மாசம் ஆனது. மெஷின் செட்டிங், முதல் பீஸை அளந்து பார்த்து ஓகே சொல்வது, ஒரிசா, பீகார் காண்ட்ராக்ட் பசங்களுக்கு வேலை பிரிப்பது, ரிஜெக்ஷன் ஆனால் திட்டு வாங்குவது, எல்லாம் என் தலையில். ஷிப்ட் முடிந்த பிறகு ரிப்போர்ட் எழுத நாளுக்கு நாற்பது நிமிஷம். மாசம் இருபத்தாறு நாளுக்குக் கணக்குப் போட்டால் பதினேழு மணி நேரத்துக்கு மேல். அடையாள அட்டையில் மட்டும் அதே ஆபரேட்டர்.

உண்மையைச் சொல்ல வேண்டும். பசங்க 'லீடர்' என்று கூப்பிட்டபோது எனக்குப் பிடித்திருந்தது. எங்கப்பா ஊருக்குச் சாவுச் சேதி சொல்லப் போவார், செத்த மாட்டைத் தூக்குவார், ராத்திரி கூப்பிட்டாலும் போவார். கூலி என்று பேசியதில்லை. அறுப்புக் காலத்தில் களத்தில் கேழ்வரகு அளப்பார்கள், அதுவும் அவர்கள் மனசு போல. "நீ இல்லாட்டி ஊர் நடக்குமாடா" என்பார்கள். அந்தப் பேச்சையும் அப்பா கூலியோடு சேர்த்தே வாங்கிக்கொண்டார். மராட்டியத்தில் மகர் வதன் என்று இருந்ததும் இதுதான். வேலைக்கு எல்லை கிடையாது, கூலியோ துண்டு நிலமும் ஊரார் தரும் தானியமும். அதைத் திருத்தத்தான் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்ட மன்றத்தில் மசோதா கொண்டு வந்தார். மேலாளர் சொன்ன 'நம்பிக்கை' களத்துக் கேழ்வரகு மாதிரி என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீல் அண்ணனிடம் போனேன். அவர் ஒரு தீர்ப்பைப் படித்துக் காட்டினார். அந்தமானில் செல்வராஜ் என்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர். 1992இல் அவரைச் சாரணர் அமைப்பின் செயலாளர் வேலையைப் பார்க்கச் சொல்லி ஆணை போட்டார்கள். பார்த்தார். சம்பளம் மட்டும் பழைய 1200-2040 விகிதத்திலேயே. அந்தப் பதவிக்கு 1640-2900. கேட்டபோது நிர்வாகம் என்ன சொன்னது தெரியுமா? இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் உள்தீவுக்கு மாற்றலாகிப் போயிருப்பார், போர்ட் பிளேரில் இருக்க அவரே ஆசைப்பட்டார் என்றது. அதாவது, நாங்கள் செய்தது தயவு. உச்ச நீதிமன்றம் 1998இல் அதை ஏற்கவில்லை. முறையான பதவி உயர்வு இல்லைதான், ஆனால் அந்தப் பதவியில் வேலை பார்த்த காலத்துக்கு வித்தியாசத் தொகையைக் கொடு என்றது. அவர் விரும்பி ஏற்றார் என்பதால் கடன் கரைந்து போகவில்லை.

இதைக் கேட்டு நான் துள்ளினேன். அண்ணன் அடக்கினார். "தம்பி, அவருக்குக் கையில ஆணை இருந்துச்சி, அது சர்க்கார் வேல. உனக்கு வாய்வார்த்த, தனியார் கம்பெனி. இதே தீர்ப்ப வெச்சி நாளைக்கே ஜெயிச்சிடலாம்னு நெனைக்காத." அவர் சொன்னபடி ஷிப்ட் லாக் புக்கில் நான் கையெழுத்துப் போட்ட தேதிகளைக் குறித்து வந்தேன். இரண்டாவது முறை வாய்விட்டுக் கேட்கவில்லை. 'பதவிப் பெயர் கேட்கவில்லை. இன்ன தேதி முதல் இன்ன வேலைகள் பார்க்கிறேன், வாரம் 48 மணிக்கு மேல் போன நேரத்துக்குச் சட்டப்படி இரட்டைக் கூலியும், பொறுப்புக்குப் படியும் வேண்டும், இல்லையேல் அந்த வேலைகளிலிருந்து விடுவிக்க வேண்டும்' என்று ஒரு பக்கம் எழுதி, நகலில் சீல் வாங்கினேன். அந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது. விடுவித்தால் லைனுக்கு ஆள் இல்லை.

மூன்று வாரம் யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. டீ நேரத்தில் ஒரு பெரியவர், "நன்றி மறந்துட்டடா" என்றார். அவரும் எங்க ஆள்தான், அது கொஞ்சம் வலித்தது. பிறகு கூப்பிட்டு, இனிமேல் மாசம் 1,500 ரூபாய் படி, பழசைப் பேசாதே என்றார்கள். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லும் வசதி எனக்கில்லை. கையெழுத்துக்குக் கீழே, 'முந்தைய 14 மாதக் கோரிக்கை நிலுவையில் உள்ளது' என்று எழுதினேன். பர்சனல் ஆபீஸ் தம்பி அந்த வரியை அடிக்கச் சொன்னான். அடிக்கவில்லை.