கிளிநொச்சிக் கன்றுக்கு வெள்ளவத்தையில் ஒரு பேர்

கிளிநொச்சியில் மாமாவின் பசு கன்று போட்டிருக்கிறது. நாகு கன்று. வெள்ளிக்கிழமை விடியப் பிறந்தது. ஞாயிறு பின்னேரம் வெள்ளவத்தை வீட்டில் எல்லோரும் கூடியபோது பேச்செல்லாம் பேர் வைப்பதைப் பற்றித்தான். கொட்டாஞ்சேனையில் இருந்து சித்தியும் வந்திருந்தா. மாமா தொலைபேசியில். அம்மம்மா ஜன்னலோரக் கதிரையில், கடற்கரை ரயில் போகும் பக்கமாகப் பார்த்துக்கொண்டு இருந்தா. அவவிடம் முதலில் யாரும் கேட்கவில்லை.

மாமா அனுப்பிய படத்தைப் பிள்ளைகள் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். செம்மண் நிறம். முன்கால் இரண்டையும் அகட்டி வைத்துக்கொண்டு நிற்கிறது. மூக்கு ஈரமாக மினுங்குகிறது. நெற்றி நடுவில் வெற்றிலை நுனி மாதிரி ஒரு வெள்ளை.

*

இதை முதற்கன்று என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, அம்மம்மா மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் படலையைத் தாண்டினா. கட்டினபடி விட்டால் தண்ணீர் இல்லாமல் செத்துப்போகும். அவிழ்த்துவிட்டால் எங்கேயாவது மேய்ந்து பிழைக்கும். பல வீடுகளில் அன்று இதைத்தான் செய்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் மாடு இல்லை. கொழும்பில் மாடிவீட்டில் வளர்ந்த எங்களுக்குப் பால் என்றால் பக்கற்றும் பால்மாவும்தான். மாமா ஊர்ப்பக்கம் போய், காணியைத் துப்புரவாக்கி, சினைப்பசு ஒன்றை வாங்கிக் கட்டியது அண்மையில்தான். பசுவின் பேர் மணி. விற்றவர்கள் வைத்த பேர். மாமா அதை மாற்றவில்லை, நல்லதாய்ப் போயிற்று.

*

ஆளுக்கொரு பேர் சொன்னார்கள்.

அம்மா லட்சுமி என்றா. வெள்ளிக்கிழமை பிறந்த கன்றுக்கு வேறென்ன பேர் என்பது அவவின் நியாயம். தம்பியின் மகளுக்கு சொக்கலேட். மாமா கண்மணி என்றார். தாய் மணி, மகள் கண்மணி, கேட்க அழகுதான். கனடாவில் இருக்கிற பெரியம்மா நேரம் பார்த்து எழும்பி அழைப்பில் வந்து, பவளம் என்று வையுங்கோ என்றா. அவிழ்த்துவிட்டு வந்த மாட்டின் பேர் அது. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

சித்தியின் பேருக்குத்தான் ஆதாரம் கூடுதல். கொட்டாஞ்சேனையில் அவவின் வீட்டில் இருந்து பொன்னம்பலவாணேசுவரர் கோயில் கிட்ட. பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டிய கோயில். பிரதோஷத்துக்குத் தவறாமல் போய் நந்திக்கு நடக்கிற அபிஷேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவா. சைவ பாடத்தில் படித்த ஐந்து பசுக்களை விரல் விட்டு எண்ணினா: நந்தை, பத்திரை, சுரபி, சுசீலை, சுமனை. பாற்கடலில் தோன்றியவை. திருநீறு வருவது இவற்றின் சாணத்தில் இருந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் உண்டு. பத்திரை கறுப்பு, சுரபி வெள்ளை, சுமனை சிவப்பு. மாமாவின் கன்று சிவப்பு. அப்படியானால் சுமனை. இவ்வளவு பொருத்தமாக ஒன்று அமையும்போது மறுக்க யாருக்கும் மனம் வரவில்லை. எனக்கும் அதுவே பிடித்திருந்தது.

*

அம்மம்மா கதிரையைத் திருப்பச் சொன்னா. பேர் எதுவும் சொல்லவில்லை. தொலைபேசியைக் கையில் வாங்கி மாமாவிடம் கேட்க ஆரம்பித்தா.

“கடும்புப்பால் முழுக்கக் கண்டு குடிச்சுதோ?”

“குடிச்சுது அம்மா. மிச்சத்தில உங்களுக்குக் கடும்பு காய்ச்சி பஸ்ஸில போட்டு விடுறன்.”

“எனக்கு வேண்டாம். முதல் மூண்டு நாளும் அது வேணுமெண்ட மட்டும் குடிக்கட்டும். இளங்கொடியை எங்க கட்டினாய்?”

“உமல்ல போட்டு ஆலமரத்தில.”

“சரி. நாம்பன் என்ன நிறம்?”

மாமாவிடம் பதில் இல்லை. விற்றவர்கள் சினை ஊசி போடுவித்திருந்தார்கள். எந்தக் காளை, என்ன நிறம் என்று அவருக்குத் தெரியாது.

“அப்ப சிவப்பெண்டு எப்பிடிச் சொல்லுவாய்? கண்டின்ர மயிர் விழுந்து புது மயிர் வரேக்க பார்.”

இது எனக்குப் புதிது. பிறகு விசாரித்துப் பார்த்தேன். தமிழ்நாட்டுக் காங்கேயம் மாடு இதற்கு நல்ல உதாரணம். கன்று சிவப்பாகப் பிறக்கும். ஆறு மாதமளவில் அந்தச் சிவப்பு போய்ச் சாம்பல் நிறமாகிவிடும். எல்லா இனத்திலும் இப்படி நடக்காது. ஆனால் தகப்பன் எதுவென்று தெரியாத கன்றுக்கு மூன்றாம் நாள் நிறத்தைப் பார்த்துப் பேர் வைத்தால், வருடக் கடைசியில் சாம்பல் மாடொன்று சுமனை என்ற பேரோடு நிற்கக் கூடும். வெள்ளைக் குறி அப்படியல்ல. அந்த இடத்தில் தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கிற அணுக்களே இல்லை. பிறக்கும்போது இருக்கிற வெள்ளை சாகும்வரை அதே இடத்தில் இருக்கும். அம்மம்மாவுக்கு அணுக்களைப் பற்றித் தெரியாது. ஆனால் மாடு காணாமல் போனால் எதைச் சொல்லித் தேடுவது என்று தெரியும். ஊரில் யாரும் சிவத்த மாட்டைக் கண்டீங்களோ என்று மட்டும் கேட்பதில்லை. நெற்றியில் வெள்ளை, வாலில் வெள்ளை, ஒரு கொம்பு வளைவு என்று மாறாத அடையாளத்தைத்தான் சொல்லித் தேடுவார்கள்.

சித்தி விடவில்லை. நிறம் மாறினாலும் சுமனை சாமி பேர்தானே என்றா. அம்மம்மா மெதுவாகச் சொன்னா: “கூப்பிடேக்க சுமனா எண்டுதான் வரும். சுமனா சிங்களப் பெண்பிள்ளையளுக்கு வைக்கிற பேர். நாளைக்கு மாட்டை அதட்டேக்க அயலில ஆரின்ரயோ பேரைச் சொல்லி அதட்டினதாய்ப் போகும். லட்சுமியும் அதுதான். எங்கட சொந்தத்திலயே எத்தினை லட்சுமி.”

பவளத்தைப் பற்றி ஒரு வசனம்தான். “அது அவளின்ர பேர், வேறொண்டுக்கு வைக்கேலாது.” பெரியம்மா அந்தப் பக்கம் ஓம் என்றா.

*

கண்மணியை ஏன் வேண்டாமென்றா என்பதுதான் எனக்கு இப்போதும் யோசிக்க நல்ல விஷயமாக இருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பசுக்களில் பலவும் கன்று இல்லாமல் பால் விடாது. விடியக் கன்றை அவிழ்த்துத் தாயிடம் விடுவார்கள். அது முட்டி முட்டிக் குடிக்கும்போது தாய்க்குப் பால் சுரக்கும். பிறகு கன்றை இழுத்துத் தாயின் தலைப்பக்கம், அது நக்கக்கூடிய தூரத்தில் கட்டிவிட்டுக் கறப்பார்கள். கடைசியில் மிச்சப் பாலுக்குத் திரும்ப அவிழ்த்து விடுவார்கள். நாளும் பொழுதும் நடக்கிற இந்த வேலையில் கன்றின் பேரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். தாய் நின்ற இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். கன்று மட்டும் வர வேண்டும். மணி, கண்மணி என்று இரண்டு பேரும் ஒரே ஓசையில் முடிந்தால் இரண்டு தலையும் திரும்பும். தாய் கயிற்றை இழுக்கும், கால் மாற்றும், வாளி கவிழும்.

மாட்டின் காது கூர்மையானது. மனிதருக்குக் கேட்காத உச்ச ஓசையும் அதற்குக் கேட்கும். ஆனால் சத்தம் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று பிரித்தறிவதில் எங்களைவிட மிகவும் பின்தங்கியது. அதனால்தான் பேரைக் கேட்டதும் தலையைத் தூக்கிக் கண்ணால் தேடுகிறது. கூப்பிடுகிறவர் கண்ணில் படுகிற மாதிரி நின்று, ஒரே பேரை ஒரே இழுவையில் கூப்பிட்டால் சீக்கிரம் பழகும். வீட்டில் ஒருவர் ஒரு பேரும் மற்றவர் செல்லப் பேரும் சொன்னால் பழகாது. சொக்கலேட் விழுந்தது இங்கேதான். “உன்ர மாமி அந்தப் பேரை விடிய அஞ்சு மணிக்கு வாயில எடுப்பாவோ?” என்று அம்மம்மா கேட்டா. கறக்கிறது மாமி. பேர் அவவின் வாய்க்கு வர வேண்டும்.

*

பேர் வைத்தால் பால் கூடுமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் டக்ளஸும் பீட்டர் ரோலின்சனும் 516 பண்ணைக்காரரிடம் கேட்டு, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். மாடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பண்ணைகளில் மாடொன்றுக்கு வருடத்தில் 258 லீற்றர் பால் கூடுதலாக இருந்தது. பேர்தான் பாலைக் கூட்டியது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர், பெரும்பாலும் தடவிக் கொடுக்கிறவராகவும் இருப்பார். பயந்த மாட்டின் உடம்பில் சுரக்கிற அட்ரினலின் பால் இறங்குவதைத் தடுத்துவிடும். மடி நிறைந்திருந்தாலும் காம்பில் வராது. பயமில்லாத மாடு இருக்கிறதைத் தரும், அவ்வளவுதான். இதை நான் சொல்லி முடித்தபோது அம்மம்மா, “பாலுக்கோ பேர் வைக்கிறது?” என்று மட்டும் கேட்டா.

*

முடிவு வர அதிக நேரம் எடுக்கவில்லை. அவ படத்தைத் திரும்ப வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நெற்றி வெள்ளையில் விரலை வைத்தா.

“சுட்டி.”

நெற்றியில் வெள்ளை உள்ள மாட்டுக்கு ஊரில் சொல்கிற பேர்தான். இரண்டே அசை. நடுவில் வல்லினம் வெட்டுகிறது, முடிவில் இகரம் உயர்ந்து போகிறது. மணியோடு குழம்பாது. மாமி அந்தப் பக்கத்தில் இருந்து கொட்டிலுக்குள் சொல்லிப் பார்த்தா: “சுட்டீ, இந்தா, இந்தா.” நன்றாக இழுபட்டது. சித்திக்குக் கொஞ்சம் மனக்குறை. அதையும் அம்மம்மா பார்த்துக்கொண்டா. முப்பத்தொன்று கழிந்து எடுக்கிற முதற்பாலைக் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு அனுப்பேலாது, பழுதாகிப் போகும், அங்கேயே கிளிநொச்சியில் ஒரு கோயிலில் சுமனை என்று சொல்லி அபிஷேகத்துக்குக் கொடுக்கட்டும் என்றா. சித்தி சரியென்றா.

பிறகு மாமாவுக்கு ஒரு கட்டளை. காதில் இலக்கத் தகடு போட மிருக வைத்தியர் வரும் நாளில் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. போய்ப் பிடித்துக் கொண்டுவர வேண்டும். ஊசி போடும்போதும் அப்படியே. தவிடும் தண்ணீரும் வைக்கும்போது மட்டும் பேர் சொல்ல வேண்டும். ஒரு தரம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நோகச் செய்தால், அடுத்த தரம் அந்தப் பேருக்கு அது வராது, பின்னால் ஓடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். மாமா எழுதி வைக்கிறேன் என்றார். எழுதத் தேவையில்லை, மாமிக்குச் சொன்னால் போதும் என்று அம்மம்மா தொலைபேசியை அவவிடம் கொடுக்கச் சொன்னா. இரண்டு பேரும் அரிசித் தவிடா எள்ளுப் பிண்ணாக்கா என்று பேசத் தொடங்கினார்கள். அது தேத்தண்ணி ஆறும்வரை போனது.