பழி விழுந்த இடத்திலேயே

பலர் முன் ஓர் ஊழியர்மீது மேலாளர் சுமத்திய பழியை, அவரைத் தனியே அறைக்கு அழைத்துத் திரும்பப் பெற முடியாது. பழியைக் கேட்டவர்கள் பத்துப் பேர் என்றால், மன்னிப்பையும் அந்தப் பத்துப் பேரும் கேட்க வேண்டும். முதலில் அவரிடம் தனியே சொல்வது மரியாதை. பிறகு எல்லோர் முன்பும் சொல்வது நியாயம்.

"யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்னும்போது, தவறு கேட்டவரின் மனதுக்கு மாறிவிடுகிறது. "தாமதத்துக்கு அவர்தான் காரணம் என்றேன், அது தவறு. விசாரிக்காமல் பேசியது நான்" என்னும்போது, தவறு உரியவரிடமே நிற்கிறது. வேலை நெருக்கடி உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் மன்னிப்போடு ஒட்டிவரும் காரணம் மன்னிப்பைத் தின்றுவிடும். உண்மையில் தவறியவர் யாரென்று அங்கேயே அறிவிப்பதும், ஒரு தலையிலிருந்து இறக்கிய பழியை இன்னொரு தலையில் ஏற்றுவதுதான்.

கூட்டக் குறிப்பில் பழி பதிவாகியிருந்தால், திருத்தமும் அதிலேயே பதிவாக வேண்டும். பேச்சு மறந்துபோகும், எழுத்து ஆண்டு மதிப்பீட்டின்போது எழுந்து நிற்கும்.

பழி சுமந்தவர் உடனே சிரித்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. மன்னிப்புக் கேட்பது மேலாளரின் கடமை. மன்னிப்பது பழி சுமந்தவரின் உரிமை.

பழி விழுந்த அன்று வாய் திறக்காமல் இருந்தவர்களும் ஒன்றைக் கற்றிருப்பார்கள்: இங்கே தவறை மறைப்பதே பாதுகாப்பு என்று. அவர்களில் ஒருவர் அடுத்த முறை தன் பிழையைத் தானே முன்வந்து சொன்னால், அந்த மன்னிப்பு சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது என்று பொருள்.