கையேட்டில் ஒரு சொல்

அலுவலகத்தில் நான் தன்பாலின ஈர்ப்பாளன் என்று சொல்லிவிடலாமா என்ற யோசனை வந்ததும் முதலில் தேடியது நிறுவனத்தின் பணியாளர் கையேட்டை. பாகுபாடு கூடாது என்ற பத்தியில் சாதி, மதம், பாலினம் எல்லாம் வரிசையாக இருக்கும். அவற்றோடு பாலின ஈர்ப்பும் இருக்கிறதா? சென்னையில் ஒரு தனியார் ஐ.டி. ஊழியனுக்கு எழுத்தில் கிடைக்கும் பாதுகாப்பு பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான்.

2018 செப்டம்பர் 6-ஆம் தேதித் தீர்ப்போடு எல்லாம் சரியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் உறவை 377-ஆம் பிரிவிலிருந்து விலக்கியது. நான் குற்றவாளி இல்லை என்றானது. என் வேலைக்கு அது காவல் ஆகவில்லை. திருநர்களுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வேலை தருவதிலும் பதவி உயர்விலும் பாகுபாட்டைத் தடுக்கிறது, நிறுவனத்தில் புகார் அலுவலர் வேண்டும் என்கிறது. எனக்கு அப்படியொரு சட்டம் கிடையாது. நியமனக் கடிதத்தின்படி, நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காரணம் சொல்லாமல் அனுப்பலாம். "ப்ராஜெக்ட் இல்லை" என்றால் அதை எப்படிப் பொய் என்று நிரூபிப்பது?

எங்கள் கையேட்டில் அந்தச் சொல் இருந்தது. இருந்தும் ப்ரொபேஷன் முடியும்வரை பொறுத்தேன். நல்ல அப்ரைசல் ஒன்று எழுத்தில் கைக்கு வந்த பிறகே மேனேஜரிடம் சொன்னேன். பிற்பாடு ரேட்டிங் சரிந்தால் காட்ட ஏதாவது வேண்டுமே. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "டீம்ல நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்ப்பா. சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்" என்றார். 'உனக்கு முழு ஆதரவு' என்பதைவிட எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

பிறகு ஒவ்வொருவராகச் சொன்னேன். பக்கத்து சீட் அக்கா, "வீட்ல தெரியுமா? தெரியாதுன்னா எங்க வாய்லருந்து போகாது" என்றார். ஆபத்து எங்கே என்று அவருக்குப் புரிந்திருந்தது. அலுவலகத்தில் என் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். வேலை போவதற்கு முன்னால் செய்தி ஊருக்குப் போய்விடும். எப்போதும் கிண்டலடிக்கும் இன்னொருவர் ஒரேயடியாக மரியாதைக்கு மாறிவிட்டார், டீக்குக் கூப்பிடுவதும் நின்றது. இதற்கெல்லாம் புகார் எழுத முடியாது. கிண்டலே தேவலை என்று தோன்றியது.

இவ்வளவுக்கும் தூண்டுதல் குழு மருத்துவக் காப்பீடுதான். துணைவரைச் சேர்க்க எங்கள் நிறுவனம் அனுமதிக்கிறது. ஆனால் படிவம் ஹெச்.ஆர்., காப்பீட்டு முகவர் என்று பல கைகளைக் கடக்கும். அதனால்தான் நானே முந்திக்கொண்டேன். இப்போது என் துணைவன் பெயர் அதில் இருக்கிறது. பி.எஃப். நியமனம் அப்படியில்லை. என் வருமானத்தில் வாழும் அம்மா அந்த விதிப்படி என் குடும்பம்; குடும்பம் இருந்தால் வெளியாள் பெயரைப் போட முடியாது. அங்கே அவன் இன்னும் வெளியாள்தான், அதை எந்தக் கையேடும் மாற்றாது.